இரத்தம் ஏற்றிய துண்டுகளை ஒரு பதிவேடாக்குவது எப்படி: தலசீமியாப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு

மாதந்தோறும் இரத்தம் ஏற்றும் பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று வருடத்துத் துண்டுகள் ஒரே பையில் திணிக்கப்பட்டிருக்கும். இரத்தப் பரிசோதனை அறிக்கை, இரத்த வங்கியின் துண்டு, வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டை, தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து எழுதிய சிறு தாள் எல்லாம் கலந்து கிடக்கும். கிளினிக்கில் புதிதாக வந்த வைத்தியர், "போன தடவை ஏற்றிய பிறகு எவ்வளவு இருந்தது? எப்போதிலிருந்து இப்படிச் சீக்கிரமாக இறங்குகிறது?" என்று கேட்டால், அந்தப் பை முழுவதையும் மேசையில் கொட்டினாலும் பதில் கிடைக்காது. ஒவ்வொரு துண்டும் ஒரு நாளைப் பற்றி மட்டுமே சொல்கிறது. வைத்தியர் கேட்பதோ இரண்டு நாட்களுக்கு இடையில் நடந்ததை. அந்த இடைவெளியைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதுதான் பதிவேட்டின் வேலை.

தலசீமியா உள்ள பிள்ளையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மலையகத்தில் ஊவாப் பக்கம் இருப்பவர்களுக்குப் பதுளையில் தலசீமியாப் பிரிவு இருக்கிறது. மற்றப் பக்கங்களில் இருப்பவர்கள் அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டுக்கோ, கண்டிக்கோ, குருநாகலுக்கோ போகிறார்கள். கடும் தலசீமியா உள்ள பிள்ளைக்கு இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்றுவார்கள். ஏற்றுவதற்கு முன் ஈமோகுளோபின் 9.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. இரத்தம் கிடைப்பதைப் பொறுத்தும், பஸ் வசதியைப் பொறுத்தும், அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைப்பதைப் பொறுத்தும் பல பிள்ளைகள் அதற்குக் கீழே இறங்கிய பிறகுதான் வந்து சேர்கிறார்கள். எத்தனை தடவை அப்படி நடந்தது என்பதையும் பதிவேடு காட்டும்.

எழுதத் தொடங்குமுன்

வெயில் அடிக்கும் ஒரு பகலில், காய்ந்த பாய் மேல் எல்லாவற்றையும் பரப்புங்கள். நுவரெலியா, அட்டன் பக்கத்து லயங்களில் மழைக்காலம் முழுவதும் தாளில் ஈரம் ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவற்றை இழுத்துப் பிரிக்காமல் நன்றாக உலரவிட்டுப் பிரியுங்கள்.

முதலில் தேட வேண்டியவை, இயந்திரத்திலிருந்து ரோல் தாளில் வரும் வழுவழுப்பான பரிசோதனைத் துண்டுகள். கடையில் தரும் பற்றுச்சீட்டைப் போன்ற தாள் அது. வெப்பத்தால் அச்சாவதால் ஒன்றிரண்டு வருடத்தில் எழுத்து மங்கிப்போகும். அவற்றைப் பகல் வெளிச்சத்தில் வைத்துத் தொலைபேசியில் படம் எடுத்துவிட்டு, ஒரு போட்டோக் கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு லெமினேட் செய்யவே கூடாது. சூட்டில் தாள் முழுவதும் கறுத்து, இருந்த எழுத்தும் போய்விடும். செலோடேப்பின் பசையும் இந்த எழுத்தை அழிக்கும். கிழிந்திருந்தால் வெள்ளைத் தாளொன்றில் வைத்து ஓரத்தில் மட்டும் ஸ்டேப்பிள் செய்தால் போதும்.

பிறகு எல்லாத் துண்டுகளிலும் பெயரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கள் பெயர்கள் பலவிதமாக மாறும். ஒரு துண்டில் அப்பாவின் பெயர் முன்னால், இன்னொன்றில் முதலெழுத்து மட்டும், வேறொன்றில் சிங்களம் பேசுபவர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல். அது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குத் தலசீமியா இருந்தால், அக்காவின் துண்டு தம்பியின் கணக்கில் புகுந்துவிடும். பெயரோடு வயதையும் கிளினிக் இலக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, பிள்ளைக்கு ஒரு குவியலாக ஒதுக்குங்கள். யாருடையது என்று நிச்சயமாகத் தெரியாததைத் தனி உறையில் போடுங்கள். ஊகித்துச் சேர்க்க வேண்டாம்.

ஒரு தடவைக்கு ஒரு கட்டு

அடுத்த வேலை, ஒரு தடவை இரத்தம் ஏற்றியதோடு சம்பந்தப்பட்ட எல்லாத் துண்டுகளையும் ஒரே கட்டாக்குவது. திகதி இருந்தால் இலகு. இல்லாத துண்டுகளுக்கு, வார்டில் தரும் பி.எச்.டி. இலக்கம் கைகொடுக்கும். வார்டில் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் புது இலக்கம் தருவார்கள் என்பதால், ஒரே பி.எச்.டி. இலக்கம் உள்ள துண்டுகள் எல்லாம் ஒரே தடவைக்கு உரியவை. கிளினிக் இலக்கம் அப்படியல்ல. அது எப்போதும் ஒன்றுதான். அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம், நாளைக் கண்டுபிடிக்க முடியாது.

திகதியை எழுதும்போது வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள்: 2024-03-05. மார்ச் 5 என்பதை 05/03 என்று எழுதினால், பிறகு யாராவது கணினியில் ஏற்றும்போது அது மே 3 ஆகிவிடலாம். நாட்களின் இடைவெளியை வைத்துத்தான் எல்லாக் கணக்கும் போடப் போகிறோம். திகதி பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

கட்டுகளைப் பழையதிலிருந்து புதியதற்கு அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் 1, 2, 3 என்று இலக்கமிடுங்கள். பதிவேட்டிலும் அதே இலக்கத்தை எழுத வேண்டும். நாளைக்கு ஒரு எண்ணில் சந்தேகம் வந்தால் மூலத் துண்டை உடனே எடுத்துப் பார்க்கலாம்.

பதிவேட்டுக்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். திறந்தால் வரும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கோடு போடுங்கள். இடப் பக்கத்தில் திகதி, எடை, ஏற்றுவதற்கு முன் ஈமோகுளோபின், ஏற்றிய பைகள், மொத்த மில்லிலீற்றர், ஏற்றிய பின் ஈமோகுளோபின். வலப் பக்கம் முழுவதும் எதிர்விளைவுக்கும் குறிப்புக்கும். தலைப்புகளைத் தமிழில் எழுதி, அவற்றின் கீழே ஆங்கிலத்திலும் எழுதிவைப்பது நல்லது. கொப்பியை வாசிக்கப் போகிறவர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எண்களும் ஆங்கிலத் தலைப்பும் இருந்தால் மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டியதில்லை.

பைகளின் கணக்கு

இங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது. இரத்த வங்கியிலிருந்து வரும் கிராஸ்மெச் துண்டில் மூன்று பைகளின் இலக்கம் இருக்கும். அதைப் பார்த்து "மூன்று பை ஏற்றினார்கள்" என்று எழுதிவிடுவோம். அந்தத் துண்டு சொல்வது, பிள்ளையின் இரத்தத்தோடு பொருந்திப்போன பைகள் இவை என்பதை மட்டுமே. அவற்றில் இரண்டை ஏற்றிவிட்டு மூன்றாவதைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஏற்றியது எத்தனை என்பதை வார்டிலிருந்து அனுப்பும்போது தந்த அட்டையிலோ கிளினிக் கொப்பியிலோதான் பார்க்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

ஒவ்வொரு பையிலும் அந்த இரத்தத்தைக் கொடுத்தவரின் தானத்துக்குரிய இலக்கம் ஒன்று அச்சாகியிருக்கும். பதிவேட்டில் ஒரு பைக்கு ஒரு வரி ஒதுக்கி இந்த இலக்கத்தை எழுத வேண்டும். ஒரே பை கிராஸ்மெச் துண்டிலும் அட்டையிலும் வருவதால் இரண்டு தடவை எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. இலக்கம் ஒன்றாக இருந்தால் பையும் ஒன்றுதான் என்று பிடித்துவிடலாம். சிறு பிள்ளைகளுக்குச் சில வேளை ஒரே தானத்தைச் சிறு பைகளாகப் பிரித்தும் தருவார்கள். அப்போது இலக்கம் ஒன்றாகவும் அதன் முடிவில் சிறு வேறுபாடும் இருக்கும். அதனால் இலக்கத்தைக் கடைசி எழுத்து வரை முழுமையாக எழுதுங்கள். பழைய தடவைகளுக்கு இலக்கம் கிடைக்காவிட்டால் போகட்டும். இனிமேல் ஏற்றும்போது, "மிஸ், இந்தப் பையின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டு, தொங்கும் பையைப் பார்த்தே எழுதிக்கொள்ளலாம்.

பையின் அளவும் முக்கியம். பலர் "இரண்டு பைந்து" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். செங்குருதிக் கலப் பைகள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. ஒன்று 220 மில்லிலீற்றராக இருக்கும், மற்றது 300ஐத் தாண்டும். எனவே "இரண்டு பை" என்பது ஒரு தடவை 440 ஆகவும் மறு தடவை 600 ஆகவும் இருக்கலாம். அளவு எழுதப்படாத பைக்கு நீங்களாக ஓர் எண்ணைப் போட வேண்டாம்; கோடு போட்டு வெறுமையாக விடுங்கள். பாதியில் நிறுத்திய பையானால், எவ்வளவு ஏறியது என்று தாதியிடம் கேட்டு அதையே எழுத வேண்டும்.

எடையை ஒவ்வொரு தடவையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வருட முடிவில், ஏற்றிய மில்லிலீற்றர் முழுவதையும் கூட்டிப் பிள்ளையின் எடையால் பிரித்தால், ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு இரத்தம் தேவைப்பட்டது என்று தெரியும். 32 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 13 தடவை 460 மில்லிலீற்றர் ஏற்றியிருந்தால் மொத்தம் 5980. எடையால் பிரித்தால் ஏறத்தாழ 187. இந்த எண் 200ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், மண்ணீரல் வீங்கி ஏற்றிய இரத்தத்தை அழிக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார். ஒவ்வொரு பையோடும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பும் உடம்புக்குள் போகிறது. இரும்பை வெளியேற்றும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கவும் இந்த மொத்தக் கணக்கு உதவும். பிள்ளை வளர்ந்துகொண்டே இருப்பதால் மூன்று வருடத்துக்கு முந்திய எடையை வைத்து இந்த வருடக் கணக்கைப் போட முடியாது.

முன்னும் பின்னும்

"முன்" என்பது, அந்தத் தடவை இரத்தம் ஏற்றத் தொடங்குமுன் கடைசியாக எடுத்த ஈமோகுளோபின். அன்று காலையில் எடுத்ததா, இரண்டு நாளைக்கு முன்னர் கிளினிக்கில் எடுத்ததா என்பதைப் பரிசோதனைத் துண்டின் திகதியில் பார்த்து, வேறு நாளானால் அந்தத் திகதியையும் எண்ணுக்கு மேலே சிறிதாக எழுதுங்கள்.

"பின்" எண்ணில்தான் குழப்பம் அதிகம். பல இடங்களில் ஒவ்வொரு தடவையும் பின் ஈமோகுளோபின் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஒரு தடவை பை முடிந்து ஒரு மணித்தியாலத்தில், மறு தடவை அடுத்த நாள் காலையில் என்று மாறும். அதனால் நேரத்தையும் எழுதுங்கள். எடுக்காத தடவைக்கு "எடுக்கவில்லை" என்று எழுத வேண்டும். போன மாதத்து ஏற்றத்தை நினைத்து இந்த மாதத்துக்கும் ஓர் எண்ணை ஊகித்து நிரப்பினால், பிறகு அது உண்மையான பரிசோதனையாகவே வாசிக்கப்படும்.

எண்ணின் அலகையும் கவனியுங்கள். சில ஆய்வுகூடங்கள் 9.2 என்று தரும். சில 92 என்று தரும். இரண்டும் ஒன்றுதான். முதலாவது டெசிலீற்றருக்குக் கிராம், இரண்டாவது லீற்றருக்குக் கிராம். கொப்பி முழுவதும் முதலாவது முறையிலேயே எழுதுங்கள். 92ஐப் பத்தால் பிரித்தால் 9.2. விரல் நுனியில் குத்திச் சிறு கருவியில் பார்த்த எண்ணுக்குப் பக்கத்தில் "விரல்" என்று குறியுங்கள். அது ஆய்வுகூட எண்ணிலிருந்து சற்று விலகியிருக்கலாம், 0.5 வித்தியாசத்தைப் பார்த்து இரத்தம் இறங்கிவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

எதிர்விளைவு

வலப் பக்கத்தில் எழுதக்கூடிய மிகப் பயனற்ற வாசகம் "அலர்ஜி வந்தது". எந்தப் பையில், தொடங்கி எத்தனை நிமிடத்தில், என்ன தெரிந்தது, என்ன செய்தார்கள் என்ற நான்கும் வேண்டும். "இரண்டாவது பை. தொடங்கி 40 நிமிடம். நெஞ்சிலும் கையிலும் தடிப்பு, அரிப்பு. காய்ச்சல் இல்லை. நிறுத்தி ஊசி போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தொடர்ந்தார்கள்." இப்படி எழுதினால் வாசிக்கும் வைத்தியருக்கு வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

காய்ச்சலானால் தொடங்குமுன் இருந்த வெப்பநிலையையும் எழுதுங்கள். ஏற்றும்போது வெப்பநிலை ஒரு பாகை செல்சியசோ அதற்கு மேலோ கூடி 38ஐ எட்டினால்தான் அதை எதிர்விளைவுக் காய்ச்சலாகக் கணக்கெடுப்பார்கள். ஏற்கெனவே 37.8 இருந்த பிள்ளைக்கு 38.1 ஆனது வேறு விடயம். ஏற்றுமுன் ஒவ்வாமைக்கு எதிரான மருந்து கொடுத்திருந்தால் அதையும் குறியுங்கள். மருந்து கொடுத்தும் தடிப்பு வந்ததா, மருந்து இல்லாமல் வந்ததா என்பது வேறு வேறு செய்தி. எதிர்விளைவு வந்த பையை இரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்பிப் பரிசோதித்தால் அந்த முடிவையும் அடுத்த கிளினிக்கில் கேட்டு எழுதுங்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். பழைய துண்டில் அதைப் பற்றி எதுவும் இல்லை, உங்களுக்கும் ஞாபகம் இல்லை என்றால் "தெரியாது" என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால் இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதற்கும் இந்தப் பக்கத்திலேயே இடம் விடுங்கள். ஏற்றி ஐந்து நாள் முதல் இரண்டு வாரம் வரை வரும் எதிர்விளைவு ஒன்று இருக்கிறது. அப்போது பிள்ளை வார்டில் இல்லை. பார்த்து எழுத நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள். இலேசான காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும் பிளேன்டீயின் நிறத்தில் போவது, பிள்ளை மறுபடி வெளிறிப் போவது அதன் அறிகுறிகள். இவற்றில் ஏதாவது கண்டால், எழுதுவதோடு நிற்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஏற்றிய அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினாலும் அப்படியே.

எழுதியதை வாசிப்பது

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் 11 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எடை 32 கிலோ. நான்கு வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு பை ஏற்றுகிறார்கள். அவளுடைய ஐந்து தடவைகளைக் கொப்பியிலிருந்து எடுத்து இப்படி எழுதலாம். கடைசி இரண்டு நிரல்களும் துண்டுகளில் இல்லாதவை, நாம் கணக்கிட்டவை.

| திகதி | முன் | ஏற்றியது (மி.லீ.) | பின் | இடைப்பட்ட நாள் | வாரத்துக்கு இறங்கியது |
|---|---|---|---|---|---|
| 2024-01-09 | 9.1 | 460 | 12.2 | – | – |
| 2024-02-06 | 9.2 | 460 | 12.3 | 28 | 0.75 |
| 2024-03-05 | 9.2 | 450 | 12.2 | 28 | 0.78 |
| 2024-04-02 | 7.2 | 460 | 10.3 | 28 | 1.25 |
| 2024-04-23 | 8.2 | 470 | 11.3 | 21 | 0.70 |

கணக்கு இதுதான்: போன தடவையின் "பின்" எண்ணிலிருந்து இந்தத் தடவையின் "முன்" எண்ணைக் கழித்து, இடையில் போன வாரங்களால் பிரிக்க வேண்டும். பெப்ரவரியில் 12.2இலிருந்து 9.2 வரை, நான்கு வாரத்தில் 3.0 இறங்கியிருக்கிறது, வாரத்துக்கு 0.75. கணினியில் எழுதுபவர்கள் திகதியை A, முன் எண்ணை B, பின் எண்ணை C நிரலில் வைத்து, மூன்றாவது வரியில் இப்படிப் போடலாம்:

```
=(C2-B3)/(A3-A2)*7
```

"பின்" எடுக்காத தடவைக்கு இந்தக் கணக்கைப் போட முடியாது. அங்கே இரண்டு "முன்" எண்களையும் ஏற்றிய அளவையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 3 ஏறுகிறது என்பதை முதலில் பாருங்கள். ஏப்ரலிலும் 7.2இலிருந்து 10.3 வரை ஏறியிருக்கிறது. ஆகவே ஏற்றிய இரத்தத்தின் அளவில் குறை இல்லை. மாறியது இறங்கிய வேகம். மார்ச் 5க்கும் ஏப்ரல் 2க்கும் இடையில் அது வாரத்துக்கு 1.25 ஆகிவிட்டது. ஏப்ரல் மாதத்துப் பரிசோதனைத் துண்டை மட்டும் பார்த்தால் "7.2, குறைவு" என்றுதான் தெரியும்; நாள் தவறி வந்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். நாள் தவறவில்லை என்பதைப் பக்கத்து நிரலில் இருக்கும் 28 சொல்கிறது.

இப்போது வலப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மார்ச் 5இல் ஏற்றும்போது "இல்லை" என்று இருக்கிறது. ஆனால் அதே வரியின் கீழே அம்மா எழுதியிருக்கிறார்: "மார்ச் 13. இலேசான காய்ச்சல். சிறுநீர் பிளேன்டீ நிறம். இரண்டு நாள்." தோட்ட டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் கொடுத்த துண்டும் அதே கட்டில் இருக்கிறது. டிஸ்பென்சரியில் அது சாதாரணக் காய்ச்சல். வார்டில் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இரண்டும் ஒரே வரியில் வந்தவுடன்தான், ஏற்றி எட்டாவது நாளில் அந்த இரத்தம் உடைந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுகிறது.

இந்தக் கொப்பியைப் பார்த்த வைத்தியர் ஏப்ரல் 2இல் ஏற்றுமுன், பிள்ளையின் இரத்தத்தில் புதிதாகப் பிறபொருளெதிரி, அதாவது ஏற்றிய இரத்தத்தை எதிர்க்கும் பொருள், ஏதாவது உருவாகியிருக்கிறதா என்று தேடும்படி இரத்த வங்கிக்கு எழுதுகிறார். ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறது. அதற்குப் பொருந்தும் பைகளைத் தேடி ஏற்றுகிறார்கள். 10.3 வரையே ஏறியதால் அடுத்த தடவையை மூன்று வாரத்தில் வைக்கிறார்கள். அந்தத் தடவை இறங்கிய வேகம் 0.70; பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஏபிஓ குரூப்பும் ஆர்.எச். பொசிட்டிவ்வும் பொருந்தியிருந்தும் இது நடக்கும். செங்குருதிக் கலத்தின் மேல் இன்னும் பல அடையாளங்கள் இருக்கின்றன. அடிக்கடி பிறருடைய இரத்தம் பெறும் பிள்ளையின் உடல் அவற்றில் ஒன்றை அந்நியமென்று கண்டு எதிர்க்கத் தொடங்கலாம்.

வேகம் கூடினால் எப்போதும் இதுதான் காரணம் என்று எண்ண வேண்டாம். மண்ணீரல் பெருத்தாலும், தொற்றுக் காய்ச்சல் வந்தாலும், எங்காவது இரத்தம் கசிந்தாலும் சீக்கிரம் இறங்கும். மண்ணீரலானால் அநேகமாக மாதாமாதம் சிறிது சிறிதாகக் கூடிவரும். இந்தப் பிள்ளைக்கு ஆனதுபோல் ஒரு தடவையோடு திடீரென்று மாறுவது வேறு சாயல். காரணத்தை முடிவுசெய்வது வைத்தியரும் இரத்த வங்கியும்தான். கொப்பி காட்டுவது, எந்தத் தடவைக்குப் பிறகு மாறியது என்பதை.

பொதுவான அளவுகோலைவிட, பிள்ளையின் சொந்தப் பழைய எண்களோடு ஒப்பிடுவதையே நான் நம்புகிறேன். வாரத்துக்கு ஒன்று இறங்குவது பல பிள்ளைகளுக்குச் சாதாரணம், எப்போதும் 0.75 இறங்கிய பிள்ளைக்கு அது செய்தி.

முதல் பக்கம்

கொப்பியின் முதல் பக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, பிறந்த திகதி, கிளினிக் இலக்கம், குரூப், நோயின் பெயர், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், மண்ணீரல் எடுக்கப்பட்டதா என்பன. இவற்றின் கீழே, இரத்த வங்கி கண்டுபிடித்த பிறபொருளெதிரியின் பெயரும் கண்டுபிடித்த திகதியும் சிவப்பு மையில் இருக்க வேண்டும். இதைத் தமிழாக்காமல் துண்டில் உள்ள ஆங்கில எழுத்தையே அப்படியே பார்த்து எழுதுங்கள். பெரிய ஈயும் சிறிய ஈயும் இரண்டு வேறு அடையாளங்கள். பெரிய சீயும் சிறிய சீயும் அப்படியே. எழுத்தின் அளவை மாற்றிவிட்டால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத இரத்தத்தையே கேட்டதாகிவிடும்.

இந்த ஒரு வரிக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் கொடுக்கிறேன். பிறபொருளெதிரி சில மாதங்களில் இரத்தத்தில் குறைந்து, பரிசோதனையில் தெரியாத அளவுக்குப் போய்விடலாம். உடல் மட்டும் அதை மறப்பதில்லை. மண்சரிவால் பாதை மூடப்பட்டு, வழக்கமான ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் வேறோர் ஊரில் ஏற்ற நேர்ந்தால், அங்கே பரிசோதனை சரியாகவே வரும். வழக்கமான இரத்தம் பொருந்துகிறது என்றே துண்டு தருவார்கள். அதை ஏற்றினால் ஒரு வாரத்தில் மறுபடி உடையலாம், முந்தியதைவிட வேகமாகவும். அந்த ஆபத்தை அங்குள்ளவர்களுக்குச் சொல்லக்கூடியது பழைய துண்டும் இந்தச் சிவப்பு வரியும் மட்டுமே.

அதனால் இரத்த வங்கி தந்த மூலத் துண்டை முதல் பக்கத்துக்குப் பின்னால் ஒரு உறையில் வையுங்கள். அதன் படம் அம்மாவின் தொலைபேசியிலும் இன்னொருவரின் தொலைபேசியிலும் இருக்கட்டும். புதிய ஆஸ்பத்திரியில் கிராஸ்மெச்சுக்கு இரத்தம் எடுக்க வரும்போதே, ஊசி குத்துமுன், இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, மாதிரியோடு போகும் படிவத்தில் அந்தப் பிறபொருளெதிரியின் பெயரை எழுதும்படி கேளுங்கள். மாதிரி இரத்த வங்கிக்குப் போன பிறகு சொன்னால், பைகள் தயாராகி வார்டுக்கு வந்திருக்கும்.